இரண்டாவது அடுப்பின் காந்தம்

கொரோனாக் காய்ச்சல் என்னைக் கொல்லவில்லை. மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்று கிழமையில் திரும்பி வரும் என்றார் மானிப்பாய் வைத்தியர். ஆறு மாதம் பொறுங்கள் என்றார் யாழ்ப்பாணத்துப் பெரிய வைத்தியர். வரவில்லை. மல்லிகைப் பூவும் கருவாடும் எனக்கு இப்போது ஒன்றுதான். இதைச் சொன்னால் சனம் சிரிக்கிறது. குப்பை மணக்காது, கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். வீட்டில் இருந்தபடி பள்ளிக்கூடக் கன்ரீனுக்கு வடையும் றோல்ஸும் செய்து கொடுக்கிறவளுக்கு மூக்குப் போனால் என்ன ஆகும் என்று, சிரிக்கிறவர்கள் ஒருநாள் என் குசினியில் வந்து நின்று பார்க்கட்டும்.

வீட்டில் நானும் அக்காவும்தான். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அத்தான் இறந்து நாளாகிறது. ஒரே மகள் கனடாவில். நான் கலியாணம் முடிக்கவில்லை. அதற்கு ஒரு கதை இருக்கிறது, அது இங்கே தேவையில்லை. மகள் அனுப்பியதும் நான் சேர்த்ததுமாகப் போட்டுப் பழைய குசினியை இடித்துப் புதிதாகக் கட்டினோம். விறகை விட்டு முழுக்கக் காஸுக்கு மாறுவது என்று முடிவானபோது, நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். நெருப்பு அணைந்தால் தானாகக் காஸை நிறுத்தும் அடுப்புத்தான் வேண்டும். காஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது, ஆகவே அடுப்புக்குத் தெரிய வேண்டும்.

அடுப்பைக் கொண்டுவந்து பூட்டியவர் எங்களுக்குப் பழக்கமான திருத்துகாரர். அவரை நாங்கள் அண்ணை என்போம். நல்ல பொறுமைசாலி. நான் கேள்விக்கு மேல் கேள்வி கேட்கிறவள், அவர் சலிக்காமல் விளங்கப்படுத்தினார். பெரிது ஒன்று, சின்னது ஒன்று என்று இரண்டு அடுப்பு. ஒவ்வொரு அடுப்பு வளையத்துக்குப் பக்கத்திலும் பென்சில் முனைபோல ஒரு சின்னக் கம்பி நின்றது.

"இதைத் தேர்மோகபிள் எண்டு சொல்லுவினம், தங்கச்சி. ரெண்டு வேற வேற உலோகத்தை நுனியிலை ஒட்டியிருக்கு. நுனி நெருப்பிலை சுட்டா ஒரு பொட்டுக் கரண்ட் வரும். பற்றரியும் இல்லை, பிளக்கும் இல்லை. அந்தக் கரண்ட் இந்த மெல்லிய செப்புக் கம்பியாலை குமிழுக்குப் பின்னாலை போகும். அங்கை ஒரு காந்தச் சுருள். காஸ் வழியைத் திறந்து வைச்சிருக்கிற மூடியை அதுதான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது."

"அப்ப ஏன் பத்த வைக்கேக்கை குமிழை அமத்திப் பிடிக்க வேணும்?"

"காந்தத்துக்கு மூடியை இழுக்கிற பெலன் இல்லை. பிடிச்சு வைச்சிருக்கிற பெலன் மட்டும்தான். நீங்கள் அமத்தி மூடியைக் கொண்டுபோய் அதின்ரை கையிலை குடுக்க வேணும். நுனி சுடும்வரைக்கும் பத்து எண்ணுங்கோ. பேந்து விடுங்கோ."

பிறகு ஒரு காரியம் செய்தார். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, சுளகை வாங்கி ஒரே வீசில் நெருப்பை அணைத்தார். "இப்ப பேசாமக் கேளுங்கோ" என்றார். காஸ் மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். இருபதைத் தாண்டி, முப்பதை எட்டும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். சீறல் நின்றுவிட்டது.

"நுனி ஆறிப்போச்சு. கரண்ட் இல்லை. காந்தம் கையை விட்டிட்டுது. வில்லு மூடியைத் தள்ளி வழியைப் பூட்டிட்டுது. உங்களுக்கு மணக்காட்டிலும் காது கேக்கும்தானே. அந்த டக்கைக் கேட்டா நிம்மதியா இருங்கோ."

அன்று அந்த மனிசனைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன்.

குசினி குடிபுகுதலுக்குப் பெரிய அடுப்பில் பால் காய்ச்சினோம். பால் பொங்கிச் சட்டியைத் தாண்டி வழிய வேண்டும், அதுதான் முறை. கிழக்குப் பக்கமாக வழிந்தது, அக்காவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். வழிந்த பால் வளையத்தின் ஒரு பக்க நெருப்பை அணைத்தது. மற்றப் பக்கம் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அந்தத் தேர்மோகபிள் முனை நின்றது பால் வழிந்த பக்கத்தில். அரை நிமிடம் போனது. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கையில், டக். எரிந்துகொண்டிருந்த பாதி நெருப்பும் சேர்ந்து அணைந்துவிட்டது. திரும்பப் பற்ற வைத்தபோது, முனையில் பால் எரிந்து ஒட்டியிருந்ததால், எவ்வளவு அமர்த்திப் பிடித்தாலும் கையை எடுத்ததும் நெருப்பும் போனது.

அக்காவின் முகம் கறுத்தது. அடுப்பு தன் வேலையைத்தான் செய்தது என்று நான் சொன்னேன். முனையை மெல்லிய அரத்தாளால் தேய்த்தேன், அரை மணித்தியாலத்தில் சரியாக எரிந்தது. ஆனால் சுப நேரம் போய்விட்டதே. அடுத்த மாதம் கனடாவில் மகளுக்கு வயிற்றில் இருந்த பிள்ளை தங்கவில்லை. எத்தனையோ வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அடுப்பை மட்டும் ஒரு பார்வை பார்ப்பாள். அவள் துக்கம் எனக்கும் துக்கம்தான், அந்த மகளை நானும் தூக்கி வளர்த்திருக்கிறேன். அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

மறு வருடம் மகள் திரும்பவும் உண்டானாள். சித்திரை வருடப்பிறப்பு வந்துகொண்டிருந்தது. வருடப்பிறப்புக்கும் பால் பொங்க வேண்டும். பங்குனிக் கடைசியில் ஒருநாள் நான் கன்ரீனுக்கு வடை கொடுத்துவிட்டுச் சைக்கிளில் திரும்பி வருகிறேன், அண்ணை குசினியில் குந்தியிருந்து கடைசி ஆணியை முடுக்கிக்கொண்டிருக்கிறார். அக்கா பக்கத்தில் நிற்கிறாள்.

"சேவிஸ் செய்ய வரச் சொன்னனான்" என்றாள் அக்கா.

"பழைய முனை ரெண்டும் பால் பட்டுக் கறுத்துப்போச்சு, தங்கச்சி" என்றார் அவர். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார், அது பிறகுதான் நினைவுக்கு வந்தது. "மாத்திவிட்டிருக்கிறன். இனி அமத்திப் பிடிக்கத் தேவையில்லை. தொட்டதும் பத்தும்."

நான் பற்ற வைத்துப் பார்த்தேன். பெரிய அடுப்பு தொட்டதும் பற்றியது. சின்ன அடுப்பும் அப்படியே. எனக்கென்ன தெரியும். புதுச் சாமான், கெதியில் சூடாகிறது என்று நினைத்தேன். கைவிரலுக்குச் சுகம் வந்தது என்று சந்தோஷப்பட்டு, மிஞ்சியிருந்த நாலு வடையைச் சுடவைத்து, தேத்தண்ணி போட்டு அவருக்குக் கொடுத்தேன். அவர் ஒரு வடையோடு எழும்பிவிட்டார். வேலை கிடக்கிறது என்றார்.

வருடப்பிறப்புப் பால் அழகாகப் பொங்கி வழிந்தது. பாதி வளையம் அணைந்தது, மற்றப் பாதியிலிருந்து நெருப்பு ஓடிவந்து அதையும் பற்ற வைத்தது. அக்கா கண்ணீர் விட்டாள். அந்தக் கண்ணீரைப் பார்த்து நானும் அழுதேன். மூடத்தனம் யாருடையது என்று இப்போது யோசிக்கிறேன்.

வைகாசி முடியும்போது சோளகக் காற்று அடிக்கத் தொடங்கியது. எங்கள் குசினி யன்னல் தென்மேற்குப் பக்கம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் சின்ன அடுப்பில் பருப்பை மெல்லிய நெருப்பில் விட்டுவிட்டு, கீழே திருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஒரு காற்று வந்து யன்னல் கதவை அடித்துச் சாத்தியது. நிமிர்ந்து பார்த்தேன், சட்டிக்குக் கீழே நெருப்பு இல்லை.

நான் எழும்பவில்லை. ஏன் எழும்ப வேண்டும்? அரை நிமிடத்தில் அடுப்பு தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். கையில் பாதி துருவிய தேங்காய். காற்றின் இரைச்சலில் டக் கேட்டிருக்காது, ஆனால் பூட்டியிருக்கும் என்று நம்பினேன். அந்தப் பாதியைத் துருவி முடித்தேன். மற்றப் பாதியையும் எடுத்தேன். எத்தனை நிமிடம் என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு தேங்காய் துருவுகிற நேரம். பிறகு எழும்பி, கையைத் துடைத்துவிட்டு, லைட்டரை எடுத்தேன்.

"பிள்ளை, பத்த வைக்காதை."

பின்கதவில் முன்வீட்டு மாமி நின்றா. வாங்கிக்கொண்டு போன கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தவ. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தா.

"காஸ் மணக்குது. கண்ணுக்கை எரியுது. நீ என்ன செய்யிறாய்?"

லைட்டரை மெல்ல மேசையில் வைத்தேன். சின்ன அடுப்பின் குமிழைத் திருப்பிப் பூட்டினேன், கீழே குனிந்து சிலிண்டர் றெகுலேற்றரையும் பூட்டினேன். வெளிச்ச சுவிச்சில் கை வைக்க வேண்டாம் என்று மாமிக்குச் சொன்னேன். கதவு யன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்து வைத்து, சுளகால் நிலத்தோடு நிலமாக வீசி வீசி முற்றத்துக்குத் தள்ளினேன். இந்தக் காஸ் காற்றைவிடப் பாரம். மேலே போகாது, நிலத்தில்தான் தேங்கி நிற்கும். நான் குந்தியிருந்த இடத்தில். மாமி குனிந்து மணந்து பார்த்துவிட்டு, "திருவலையடியிலைதான் கூடுதலா மணக்குது" என்றா.

மத்தியானம் எல்லாம் அடங்கிய பிறகு, மாமியின் மூக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தேன். பெரிய அடுப்பைப் பற்ற வைத்து நன்றாகச் சூடாக விட்டேன். சுளகால் அணைத்தேன். எண்ணினேன். முப்பது. அறுபது. காஸ் சீறிக்கொண்டே இருந்தது. தொண்ணூறில் மாமி கையைக் காட்டினா, பூட்டிவிட்டேன். சின்ன அடுப்பிலும் அதே. பூட்டின பிறகும் காத்திருந்தேன். நல்ல அடுப்பு என்றால் குமிழைத் திருப்பிப் பூட்டினாலும், முனை ஆறும்போது அந்த டக் கேட்க வேண்டும். கேட்கவில்லை. எட்டு ஒன்பது கிழமையாக ஒருநாளும் கேட்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அதை நினைத்து என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அக்கா கோயிலால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றபோது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். செம்பைக் கீழே வைத்தாள், திரும்ப எடுத்தாள்.

"அந்தாள் சரியாப் பூட்டேல்லைப் போல" என்றாள். "இந்தக் காலத்திலை ஆரை நம்புறது."

நான் ஓம் என்றேன். நானும் அவளும் சேர்ந்து அந்த மனிசனைத் திட்டினோம். அவள் எனக்கு விபூதி பூசிவிட்டாள்.

மறுநாள் காலை அண்ணை வந்தார். ரெலிபோனில் நான் போட்ட சத்தத்தில் பயந்துதான் வந்தார் என்று நினைக்கிறேன். அக்கா அப்போது கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடுப்பைக் கவிழ்த்து, சின்ன அடுப்பின் குமிழுக்குப் பின்னால் இருந்த காந்தக் கூட்டைக் கழற்றி என் கையில் வைத்தார். கூடு மட்டும்தான். முன்னால் நிற்க வேண்டிய றப்பர் மூடியும் இல்லை, அதைத் தள்ளுகிற வில்லும் இல்லை. பூட்டுவதற்கு எதுவுமே இல்லாத வழி. வெளியே பார்த்தால் முனை அதன் இடத்தில் அழகாக நிற்கும், நெருப்பில் சுடும், கரண்ட் அனுப்பும். அது பிடித்து வைத்திருக்க உள்ளே ஒன்றும் இல்லை.

"இது கழண்டு விழாது" என்றேன். "ஆரோ கழட்டியிருக்கினம்."

"நான்தான் கழட்டினனான், தங்கச்சி."

கையில் இருந்த கூட்டை மேசையில் வைத்தேன்.

"அக்காதான் கேட்டவ. பால் பொங்கேக்கை அணையக் கூடாது எண்டு. மகளுக்காக எண்டு அழுதவ. உங்களுக்கும் தெரியும், நீங்களும் ஓமெண்டு சொல்லிப்போட்டியள் எண்டு சொன்னவ."

"என்ரை மூக்கு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அண்டைக்கு நான் உங்களுக்கு முன்னாலை நிண்டனான். வடை தந்தனான். ஒரு சொல்லு என்னட்டைக் கேட்டிருக்கலாம். அதுக்கு மேலை, முனை மாத்தினது எண்டு பொய்யும் சொன்னியள்."

அவர் தலை குனிந்தார். "அக்கா அப்பிடிச் சொல்லச் சொன்னவ. அப்பதான் எனக்கும் கொஞ்சம் யோசினை வந்தது. ஆனா பேசாம இருந்திட்டன். பிழைதான்."

அவர்மேல் கோபம் இருந்தது. ஆனாலும் என் மனம் வேறொரு இடத்தில் சிக்கிக்கொண்டது. பால் காய்ச்சுவது பெரிய அடுப்பில். ஒருநாளும் சின்ன அடுப்பில் காய்ச்சியதில்லை.

"அப்ப சின்ன அடுப்பை ஏன் கழட்டினனியள்?"

அவர் ஆணி முடுக்கிற சாவியைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் முதல்லை பெரிசை மட்டும்தான் கழட்டினனான். முடிச்சுப் பூட்டேக்கை அக்கா சொன்னவ, ஒண்டு தொட்டதும் பத்தி, மற்றது அமத்திப் பிடிச்சாத்தான் பத்தும் எண்டா அவள் கண்டுபிடிச்சிடுவாள், அதையும் எடுங்கோ எண்டு."

கிணற்றடியில் தோய்க்கிற சத்தம் நின்றிருந்தது. அக்கா நனைந்த கையோடு பின்கதவில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"ஓமோ அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு மணக்கும்தானே" என்றாள். "நான் வீட்டிலை நிக்கிறன்தானே. ஏதும் எண்டா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"நேற்று நீ வீட்டிலை நிக்கேல்லை."

அக்கா நனைந்த கையைச் சேலையில் துடைத்தாள்.

"பெரிசைக் கழட்டினது மகளுக்காக. சரி, விளங்குது. என்னட்டைக் கேட்டிருந்தா நானே வருசப்பிறப்புக்கு மண்ணடுப்பு மூட்டித் தந்திருப்பன், பால் நாள் முழுக்கப் பொங்கட்டும். சின்னதை ஆருக்காகக் கழட்டினனி?"

"நீ விடமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். குரல்கூட உயரவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுக்கக் கொதித்தது. பொய் சொன்னாள், அதற்கு ஒரு காரணம் இருந்தது. என் பெயரில் சம்மதம் சொன்னாள், அதற்கும் ஒரு காரணம் காட்டலாம். முதல்நாள் நான் சாவுக்குத் தப்பி வந்து சொன்னபோது, என்னோடு சேர்ந்து நின்று இந்த மனிசனைத் திட்டினாளே, எனக்கு விபூதி பூசினாளே, அதற்கு என்ன காரணம்? அந்தச் சின்ன அடுப்பில் நான் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் நிற்கிறேன். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான், நான் கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டும் என்று யோசித்து, அதையும் எடுக்கச் சொன்னாள்.

அண்ணை யாழ்ப்பாணம் போய் மூடியும் வில்லுமாகப் புதுக் காந்தம் இரண்டு வாங்கிவந்து அன்றைக்கே பூட்டினார். நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். முடுக்கின இடமெல்லாம் சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு அடுப்பையும் மூன்று தரம் அணைத்து மூன்று தரம் எண்ணினேன். வேலை சரி. வடை கொடுக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஆவணியில் கனடாவில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. போனில் முகத்தைக் காட்டினார்கள், அப்படியே என் அம்மாவின் நெற்றி. அக்கா ஊரெல்லாம் கற்கண்டு கொடுத்தாள். பால் ஒழுங்காகப் பொங்கிய பலன் என்று அவள் நினைக்கிறாள், கேட்காமலே எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை. அதனாலேயே அக்காவோடு முழுதாகச் சண்டை பிடிக்கவும் முடியவில்லை. வாய் திறந்தால் பிள்ளையைக் குறை சொல்வதுபோல ஆகிவிடும். கதைக்கிறோம், சேர்ந்து சாப்பிடுகிறோம், கன்ரீன் றோல்ஸுக்கு அவள் உருளைக்கிழங்கு உரித்துத் தருகிறாள்.

போன கிழமை பின்னேரம். காலையில் வைத்த சொதி மிச்சம் இருந்தது. தேங்காய்ப் பால் சொதி, வெக்கைக்குக் கெதியில் புளித்துவிடும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அக்கா சட்டியைத் திறந்து குனிந்து மணந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஊத்து" என்றாள்.

மூக்குப் போன நாளிலிருந்து இந்த வீட்டில் அப்படித்தான். பாலோ மீனோ பழைய சோறோ, அக்கா நல்லாத்தான் இருக்கு என்பாள், நான் சாப்பிடுவேன். ஒரு தரமும் திருப்பிக் கேட்டதில்லை.

நான் சட்டியை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்னால் வாழையடியில் ஊற்றினேன்.

"அது பழுதாகேல்லை" என்றாள் அக்கா, பின்கதவில் நின்று.

"இருக்கும்" என்றேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எனக்கு ஒரு முட்டையைப் பொரித்தேன்.